640 ரூபாய் குறைந்ததற்கு 48,000 ரூபாய்க்கும் வட்டியா?

பாலாறு_மணல் (செப்டம்பர் 17, இரவு 9.40)

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆறு வருடமாகக் கிரெடிட் கார்டு வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு ரூபாய் வட்டி கட்டியதில்லை. மாதாமாதம் முழு பில்லும் என் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும்படி ஆட்டோ பே போட்டிருந்தேன். சேமிப்புக் கணக்கு ஒரு வங்கி, கார்டு வேறொரு வங்கி.

ஆகஸ்ட் 16 அன்று வந்த பில் 48,000 ரூபாய். அதில் மூன்றே செலவுகள். ஜூலை 20 அன்று அம்மாவுக்கு வேலூரில் எடுத்த பரிசோதனைகள் 18,000. ஆகஸ்ட் 2, ஆடித் தள்ளுபடியில் வாங்கிய துணி துவைக்கும் இயந்திரம் 21,000. ஆகஸ்ட் 12, மளிகையும் மற்றதும் சேர்ந்து 9,000. கடைசித் தேதி செப்டம்பர் 5.

எனக்குச் சம்பளம் 7ஆம் தேதிதான் வரும். அதனால் 5ஆம் தேதிக்கு வேண்டிய பணத்தை முந்தைய மாதமே ஒதுக்கிவைத்துவிடுவேன். 4ஆம் தேதி இரவு கணக்கில் 48,900 இருந்தது. பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகும் ஆயுள் காப்பீட்டு பிரீமியம் 1,540 ரூபாய் மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் நிற்கும் என்பது நினைவிலேயே இல்லை. மீதி 47,360. கார்டு பில்லுக்கு 640 ரூபாய் குறைவு. பிடித்தம் திரும்பிப் போய்விட்டது.

இதில் இன்னொரு கூத்து உண்டு. 5ஆம் தேதி மாலை கார்டு செயலியைத் திறந்தேன். பாக்கி பூஜ்யம் என்று காட்டியது. நிம்மதியாக மூடிவைத்துவிட்டேன். இப்போது பில்லைப் பார்த்தால் இப்படி இருக்கிறது:

```
05/09  AUTODEBIT PAYMENT     48,000.00 Cr
06/09  AUTODEBIT REVERSAL    48,000.00 Dr
```

வரவு வைத்து, மறுநாள் எடுத்தும் விட்டார்கள். 11ஆம் தேதி கார்டு வங்கியிலிருந்து தொலைபேசியில் அழைத்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். அழைப்பை வைத்த ஐந்தாவது நிமிடம் 48,000 ரூபாயையும் யுபிஐ வழியாகக் கட்டிவிட்டேன்.

நேற்று புதிய பில் வந்தது. இந்தச் சுற்றில் நான் வாங்கியது இரண்டே பொருள்கள்தான். ஆகஸ்ட் 25 அன்று தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை 6,000, செப்டம்பர் 3 அன்று 4,000. மொத்தம் 10,000. பில்லில் இருப்பது 15,483 ரூபாய் 15 காசு!

வட்டி மட்டும் 2,586 ரூபாய் 74 காசு. தாமதக் கட்டணம் 1,100. பிடித்தம் திரும்பியதற்கு 960. எல்லாவற்றின் மீதும் ஜிஎஸ்டி. இது போதாதென்று சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கி தன் பங்குக்கு 590 ரூபாய் எடுத்திருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். நான் தாமதித்தது ஆறு நாள். 48,000 ரூபாய்க்கு ஆறு நாள் வட்டி போட்டாலும் முந்நூற்றுச் சொச்சம்தான் வரும். இரண்டாயிரத்து ஐந்நூறு எப்படி வந்தது? கணக்கில் பிழையா?

---

முள்ளுக்கத்தரி (செப்டம்பர் 17, இரவு 10.05)

பிழையேதான் அண்ணா. ரிசர்வ் வங்கியே மூன்று நாள் அவகாசம் கொடுத்திருக்கிறது. கடைசித் தேதி முடிந்து மூன்று நாள் வரை எந்தக் கட்டணமும் போடக் கூடாது. நீங்கள் ஆறு நாள் தாமதம் என்றால் மூன்றைக் கழித்துவிட்டு மீதி மூன்று நாளுக்குத்தான் வட்டி போட வேண்டும். உடனே புகார் எழுதுங்கள்.

---

கோட்டை_அகழி (செப்டம்பர் 17, இரவு 10.20)

வேலூர்க் கோட்டை அகழியில் ஒரு காலத்தில் முதலை விட்டுவைத்திருந்தார்களாம். இப்போது அவை எல்லாம் வங்கிகளில் வேலைக்குச் சேர்ந்துவிட்டன. நான் கார்டை வெட்டிப் போட்டுப் பத்து வருடம் ஆகிறது.

---

குடியாத்தம்_தறி (செப்டம்பர் 17, இரவு 10.48)

எனக்கும் இதே கதைதான் நடந்தது. ஆனால் என் கணக்கில் ஒன்றரை லட்சம் இருந்தது, அப்படியும் பிடித்தம் திரும்பிவிட்டது. பணம் இருக்கும்போதே திரும்புகிறது என்றால் இது வங்கியின் கோளாறு அல்லாமல் வேறென்ன? உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். அந்த 640 ரூபாய்க் கதையை நம்பாதீர்கள்.

---

கணக்குப்பிள்ளை_சத்துவாச்சாரி (செப்டம்பர் 18, காலை 6.15)

வங்கியில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஒன்பது வருடம் கார்டு கணக்குப் பிரிவில். மணல் தம்பியின் பில்லைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். காசு கூடப் பிசகாமல் வருகிறது. கணக்கில் பிழை இல்லை. அது ஏன் இப்படி வருகிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆறு நாள் வட்டி என்று நீங்கள் நினைப்பது, கடைசித் தேதிவரை அந்தப் பணம் வட்டியில்லாத பணம் என்ற எண்ணத்தில். கார்டில் அப்படி இல்லை. பொருள் வாங்கிய அன்றே வட்டிக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. முழு பில்லையும் கடைசித் தேதிக்குள் கட்டிவிட்டால், ஓடிய வட்டியை வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். வட்டியில்லாக் காலம் என்பது இவ்வளவுதான். முழுவதும் கட்டவில்லை என்றால் அந்தச் சலுகை பிறக்கவே இல்லை என்று பொருள். அப்போது வட்டி செப்டம்பர் 5இலிருந்து அல்ல, ஒவ்வொரு பொருளையும் வாங்கிய நாளிலிருந்து வரும்.

உங்கள் கார்டுக்கு மாத வட்டி மூன்றரை சதவீதம் என்று பில்லின் பின்பக்கத்தில் இருக்கும். வருடத்துக்கு 42. ஜூலை 20 அன்று செலவான 18,000, நீங்கள் கட்டிய செப்டம்பர் 11 வரை 53 நாள் நின்றது. அதற்கு வட்டி 1,097 ரூபாய் 75 காசு. இயந்திரத்தின் 21,000 நாற்பது நாள் நின்றது, 966 ரூபாய் 58 காசு. மளிகையின் 9,000 முப்பது நாள், 310 ரூபாய் 68 காசு. இந்த மூன்றும் சேர்ந்து 2,375 ரூபாய்.

மீதி 211 ரூபாய்ச் சொச்சம் எங்கிருந்து வந்தது? அதுதான் பலருக்குத் தெரியாத இடம். பழைய பில்லில் பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. ஆகஸ்ட் 25 அன்று வாங்கிய புடவைக்கும் அன்றே வட்டி தொடங்கிவிட்டது. செப்டம்பர் 16 வரை 22 நாள், 151 ரூபாய் 89 காசு. செப்டம்பர் 3 அன்று வாங்கிய 4,000க்கு 13 நாள், 59 ரூபாய் 84 காசு. கூட்டிப் பாருங்கள், 2,586 ரூபாய் 74 காசு வரும்.

இதனுடன் கட்டணங்கள் 1,100, 960. ஆக 4,646 ரூபாய் 74 காசு. இதன் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி 836 ரூபாய் 41 காசு. வீட்டுக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, கார்டு வட்டிக்கு உண்டு. அதையும் மறக்க வேண்டாம்.

கத்தரி அம்மா சொன்ன மூன்று நாள் விதி உண்மைதான், ஆனால் பாதி. அது தாமதக் கட்டணத்துக்கும், கடன் தகவல் நிறுவனங்களுக்குத் ‘தவறியவர்’ என்று அறிவிப்பதற்கும் உள்ள தடை. மூன்று நாளுக்கு மேல் போனால்தான் அந்த இரண்டையும் செய்யலாம். வட்டியைப் பற்றி அந்த வாசகம் பேசவில்லை. மூன்று நாளைத் தாண்டிவிட்டால் நாள் கணக்கும் கடைசித் தேதியிலிருந்தேதான் எண்ணப்படும், நான்காம் நாளிலிருந்து அல்ல. மணல் தம்பி 8ஆம் தேதிக்குள் கட்டியிருந்தால் 1,100 ரூபாயும் அதன் வரியும் தப்பியிருக்கும். வட்டி தப்பியிருக்காது.

---

முள்ளுக்கத்தரி (செப்டம்பர் 18, காலை 8.30)

அப்படியா ஐயா. நான் ஒருமுறை இரண்டு நாள் தாமதமாகக் கட்டினேன், வட்டியே வரவில்லை. அதை வைத்துத்தான் சொன்னேன்.

---

கணக்குப்பிள்ளை_சத்துவாச்சாரி (செப்டம்பர் 18, காலை 8.52)

வராமல் இருந்திருக்கலாம். சில வங்கிகள் அந்த மூன்று நாளுக்குள் முழுவதும் வந்துவிட்டால் வட்டியையும் விட்டுவிடுகின்றன. சில விடுவதில்லை. அது அவரவர் விருப்பம். விதியில் இருக்கிறது என்று சொல்லிக் கேட்க முடியாது, கருணை காட்டுங்கள் என்றுதான் கேட்கலாம்.

---

ஆம்பூர்_தோல் (செப்டம்பர் 18, காலை 10.10)

எனக்குப் புரியாத ஒன்று. மணல் கணக்கில் 47,360 இருந்தது அல்லவா? அதை எடுத்துக்கொண்டு மீதி 640 ரூபாய்க்கு மட்டும் வட்டி போட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? என் நண்பர் ஒருவருக்கு அப்படி இருந்ததை எடுத்துக்கொண்டார்கள்.

---

கணக்குப்பிள்ளை_சத்துவாச்சாரி (செப்டம்பர் 18, காலை 11.05)

உங்கள் நண்பருக்குச் சேமிப்புக் கணக்கும் கார்டும் ஒரே வங்கியாக இருந்திருக்கும். அப்போது வங்கி தன் வீட்டுக்குள்ளேயே பணத்தை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுகிறது. சில வங்கிகள் இருப்பதை வழித்து எடுத்துக்கொள்ளும், மறுநாளும் முயலும். மணல் தம்பிக்கு இரண்டும் வெவ்வேறு வங்கி. அங்கே ஓடுவது பாஸ்புக்கில் NACH என்று வரும் ஆணை. கார்டு வங்கி 48,000 என்று எழுதி அனுப்பும், சேமிப்பு வங்கி முழுவதையும் கொடுக்கும் அல்லது முழுவதையும் திருப்பும். பாதி கொடுக்கும் வழக்கமே அதில் இல்லை. ஒரு ரூபாய் குறைந்தாலும் 48,000மும் திரும்பும்.

ஆனால் நீங்கள் கேட்டதில் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. ஒரு பேச்சுக்கு, ஆட்டோ பே போடாமல் 5ஆம் தேதி அந்த 47,360 ரூபாயைத் தம்பியே கையால் கட்டியிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 640 மட்டும் பாக்கி. அப்போதும் வட்டி 640 ரூபாய்க்கு மட்டும் வராது. மூன்று செலவுகளுக்கும் வாங்கிய நாளிலிருந்து செப்டம்பர் 5 வரை முழுத் தொகைக்கும் வட்டி வரும். அதுவே 2,043 ரூபாய் ஆகிறது. 5ஆம் தேதிக்குப் பிறகுதான் 640க்கான வட்டி, ஒரு நாளைக்கு முக்கால் ரூபாய்கூட இல்லை. தாமதக் கட்டணமும் 960 ரூபாயும் வந்திருக்காது, ஆனால் வட்டியில் பெரிய மிச்சம் இருந்திருக்காது. முழுவதும் கட்டினால் பூஜ்யம், ஒரு பிடி குறைந்தால் இரண்டாயிரம். நடுவில் படிக்கட்டே கிடையாது.

---

ஆம்பூர்_தோல் (செப்டம்பர் 18, காலை 11.20)

பிரியாணி அண்டாவில் ஒரு கல் உப்பு குறைந்தது என்று அண்டாவையே கவிழ்ப்பது போல் இருக்கிறதே!

---

குடியாத்தம்_தறி (செப்டம்பர் 18, மதியம் 1.15)

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பணம் இருந்தும் எனக்கு ஏன் திரும்பியது?

---

கணக்குப்பிள்ளை_சத்துவாச்சாரி (செப்டம்பர் 18, மதியம் 2.00)

அந்த மாதம் உங்கள் பில் எவ்வளவு? ஆட்டோ பே போடும்போது உச்ச வரம்பு என்று ஒரு கட்டம் இருந்திருக்கும், அதில் என்ன எழுதினீர்கள்?

---

குடியாத்தம்_தறி (செப்டம்பர் 18, மதியம் 2.25)

பில் 61,000. தறிக்கு நூல் வாங்கிய மாதம். வரம்பு… இப்போதுதான் எடுத்துப் பார்க்கிறேன். 50,000 என்று இருக்கிறது. ஐயோ.

---

கணக்குப்பிள்ளை_சத்துவாச்சாரி (செப்டம்பர் 18, மதியம் 2.31)

அதுதான். உங்களுடையது வேறு நோய். திருப்பிய காரணம் சேமிப்பு வங்கி அனுப்பும் செய்தியிலேயே இருக்கும். பணம் போதவில்லையா, வரம்பைத் தாண்டியதா என்று பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். வரம்பை உங்கள் கார்டின் கடன் எல்லை அளவுக்கு வைத்துவிடுங்கள்.

---

பாலாறு_மணல் (செப்டம்பர் 18, மாலை 6.50)

ஐயா, உங்கள் கணக்கை என் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. வயிறு எரிந்தாலும் புரிந்துவிட்டது.

அந்தக் குறுஞ்செய்தியையும் தேடிப் பார்த்தேன். 5ஆம் தேதி காலை 10.12க்கு வந்திருக்கிறது. மேலே ஒரு நகைக்கடை விளம்பரம், கீழே கடன் வேண்டுமா என்று ஒரு செய்தி, நடுவில் இது. அன்று அம்மாவுடன் வேலூரில் மருத்துவமனை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். காலையிலேயே அதைப் பார்த்திருந்தால் ஏதாவது செய்திருக்க முடியுமா?

இப்போது இன்னொரு குழப்பம். இந்த 15,483க்குக் கடைசித் தேதி அக்டோபர் 6. சம்பளம் போக இருப்பதை வைத்து இப்போதே கட்டலாம், இல்லை 6ஆம் தேதி வரை பொறுக்கலாம். பொறுத்தால் என்ன ஆகும்?

---

கணக்குப்பிள்ளை_சத்துவாச்சாரி (செப்டம்பர் 18, இரவு 7.30)

முதல் கேள்விக்கு: எல்லாவற்றையும் தடுத்திருக்கலாம். அதாவது அந்த 960ஐயும் சேமிப்பு வங்கியின் 590ஐயும் தவிர மற்ற எல்லாவற்றையும். ஆட்டோ பே திரும்பினாலும் கடைசித் தேதி அன்று நள்ளிரவு வரை உங்களுடையது. யாரிடமாவது 640 ரூபாய் கைமாற்று வாங்கி, அன்றைக்கே 48,000மும் கார்டில் வரவு வரும்படி அனுப்பியிருந்தால் வட்டியில்லாக் காலம் அப்படியே நின்றிருக்கும். எந்த வழியில் கட்டினோம் என்பது பொருட்டல்ல. ஆனால் மூன்றாம் தரப்புச் செயலிகள் வழியாகக் கட்டும் பில் சில நேரம் மறுநாள்தான் கார்டில் ஏறும். கடைசி நாளில் கட்டுபவர் கார்டு வங்கியின் செயலியிலேயே கட்டி, வரவு வைத்த தேதியைப் பார்த்துவிடுவது நல்லது. அன்று மாலை நீங்கள் பார்த்த பூஜ்யத்தை நம்ப வேண்டாம் என்பதற்கும் உங்கள் பில்லே சாட்சி. பிடித்தத்துக்கு ஆணை அனுப்பியதுமே சில வங்கிகள் வரவு எழுதிவிடும். பணம் வந்ததா என்று தெரிய சேமிப்புக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். அங்கே 48,000 குறைந்திருக்கிறதா? குறையாவிட்டால் கட்டவில்லை.

இரண்டாவது: பொறுக்காதீர்கள். வழக்கமான மாதத்தில் 6ஆம் தேதி வரை பொறுப்பது கெட்டிக்காரத்தனம். இந்த மாதம் அப்படி இல்லை. அந்த 10,000 ரூபாய்ச் செலவுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒரு நாளைக்குப் பதினோரு ரூபாய் ஐம்பது காசு. அக்டோபர் 6 வரை இருபது நாள் பொறுத்தால் 230 ரூபாய், வரியோடு 271. கடைசித் தேதிக்குள் முழுவதும் கட்டியும் அடுத்த பில்லில் வட்டி வந்து நிற்கிறதே என்று அப்போது மறுபடியும் இங்கே எழுதுவீர்கள். பலரும் வங்கியோடு சண்டை போடுவது இந்த இரண்டாம் மாத வட்டிக்குத்தான். இன்றே கட்டினால் இரண்டு நாள் வட்டியோடு போய்விடும். அடுத்த பில் வரும்வரை அந்தக் கார்டில் எதுவும் வாங்காதீர்கள். சலுகை எந்த நாளில் திரும்பி உயிர்பெறுகிறது என்பதில் வங்கிக்கு வங்கி வித்தியாசம் உண்டு. பாக்கி தீர்ந்த அன்றே சிலரிடம், ஒரு முழு பில் சுத்தமாக முடிந்த பிறகு சிலரிடம். உங்கள் வங்கி எந்த வகை என்று விதிமுறைப் புத்தகத்தில் உதாரணக் கணக்கோடு இருக்கும். படிக்கச் சொன்னால் யாரும் படிப்பதில்லை, என் மகன் உட்பட.

---

ஆம்பூர்_தோல் (செப்டம்பர் 18, இரவு 8.15)

இதற்குத்தான் நான் ஆட்டோ பேயை முழுத் தொகைக்குப் போடுவதே இல்லை. குறைந்தபட்சத் தொகைக்கு மட்டும் போட்டுவிட்டு, முழு பில்லையும் நானே கையால் கட்டுவேன். 48,000 பில்லுக்குக் குறைந்தபட்சம் 2,400 என்று வைத்துக்கொண்டால், அது என்றைக்கும் திரும்பாது. தாமதக் கட்டணம் இல்லை, சிபிலில் கறை இல்லை.

---

கணக்குப்பிள்ளை_சத்துவாச்சாரி (செப்டம்பர் 18, இரவு 8.40)

கையால் கட்ட மறந்த மாதத்தில் 45,600 பாக்கி நிற்கும், தெரியவே தெரியாது. கார்டு பச்சையாகத்தான் காட்டும், யாரும் அழைத்துச் சொல்லவும் மாட்டார்கள். ஏனென்றால் வங்கியின் பார்வையில் நீங்கள் தவறவில்லை. எனக்கு இது பிடிக்காத முறை.

---

ஆம்பூர்_தோல் (செப்டம்பர் 18, இரவு 8.52)

பதினோரு வருடமாக ஒருமுறைகூட மறந்ததில்லை ஐயா. மணலுக்கு முழு ஆட்டோ பேதான் குழி தோண்டியது. நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

---

முள்ளுக்கத்தரி (செப்டம்பர் 18, இரவு 9.10)

இரண்டையும்விட எளிதான வழி, அண்ணாவுக்குச் சம்பளம் 7ஆம் தேதி என்றால் கடைசித் தேதியை அதற்குப் பின்னால் தள்ளிக்கொள்வதுதானே? குறைந்தது ஒரு முறையாவது பில் சுற்றை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கார்டு வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இதையும் நான் பாதியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா ஐயா?

---

கணக்குப்பிள்ளை_சத்துவாச்சாரி (செப்டம்பர் 18, இரவு 9.25)

இல்லையம்மா, இது முழுசாகச் சரி. எனக்கே முதலில் தோன்றியிருக்க வேண்டும். பாக்கி எல்லாம் தீர்ந்த பிறகு கேளுங்கள். சில வங்கிகள் பாக்கி இருக்கும்போது மாற்றித் தருவதில்லை.

---

கோட்டை_அகழி (செப்டம்பர் 18, இரவு 10.02)

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். இப்படிப் பிடித்தம் திரும்பினால் செக் பவுன்ஸ் மாதிரி வழக்கே போடலாம். கம்பி எண்ண வேண்டியதுதான்.

---

கணக்குப்பிள்ளை_சத்துவாச்சாரி (செப்டம்பர் 18, இரவு 10.20)

சட்டம் இருக்கிறது, 2007ஆம் வருடச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. ஆனால் முதலில் எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும், வந்த பிறகும் பதினைந்து நாளில் கட்டாமல் இருக்க வேண்டும். மணல் தம்பி நோட்டீஸ் வருவதற்கு முன்பே முழுவதும் கட்டிவிட்டார். அவரைத் தூங்க விடுங்கள் ஐயா.

---

பாலாறு_மணல் (செப்டம்பர் 24, இரவு 9.15)

18ஆம் தேதி இரவே 15,483 ரூபாய் 15 காசையும் கட்டிவிட்டேன். நேற்று வாடிக்கையாளர் மையத்துக்குப் பேசினேன். ஆறு வருடத்தில் இது முதல் முறை, 5ஆம் தேதி உங்கள் செயலியே பாக்கி பூஜ்யம் என்று காட்டியது என்று சொன்னேன். ஐந்து நிமிடம் காத்திருக்க வைத்துவிட்டு, தாமதக் கட்டணம் 1,100ஐத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். வட்டிக்கு முடியாது, அது ‘கணினி கணக்கிடுவது’ என்றார்கள். இன்று 1,100 வரவு வந்துவிட்டது. அதற்குப் பிடித்த ஜிஎஸ்டி 198 வரவில்லை.

---

கணக்குப்பிள்ளை_சத்துவாச்சாரி (செப்டம்பர் 25, காலை 6.40)

1,100 வந்ததே நல்லது. தொலைபேசியில் பேசியதோடு விடாமல், அந்த இரண்டு வரிகளின் படத்தையும் வைத்து மின்னஞ்சலாகவும் எழுதிவிடுங்கள். 5ஆம் தேதி வரவு காட்டியதால்தான் ஏமாந்தேன் என்பது உங்கள் பக்கத்து வாதம். வட்டிக்கு எடுபடுமா என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனாலும் எழுதிக் கேட்பதில் தப்பில்லை. முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in வழியாகப் போகலாம். கட்டணம் கிடையாது. ஆறு நாள் தாமதம் கடன் அறிக்கையில் ஏறியிருக்கிறதா என்றும் ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

---

ஆம்பூர்_தோல் (செப்டம்பர் 25, காலை 9.00)

198 ரூபாயை விட்டுவிடாதீர்கள் மணல். கட்டணமே இல்லை என்றான பிறகு எதற்கு வரி?

---

கணக்குப்பிள்ளை_சத்துவாச்சாரி (செப்டம்பர் 25, காலை 9.45)

கேள்வி நியாயமானது. ‘நல்லெண்ண அடிப்படையில் திருப்பினோம், கட்டணம் போட்டது சரிதான்’ என்று பதில் எழுதி வரியைத் தராமல் இருப்பதும், கேட்டவுடன் தந்துவிடுவதும், இரண்டையும் என் காலத்தில் பார்த்திருக்கிறேன்.

---

பாலாறு_மணல் (அக்டோபர் 17, இரவு 8.30)

நேற்று பில் வந்தது. புதிதாக எதுவும் வாங்கவில்லை. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன இரண்டு நாள் வட்டி 23 ரூபாய் 1 காசு, வரி 4 ரூபாய் 14 காசு. வரவில் இருந்த 1,100 போக எனக்கு அவர்கள் தர வேண்டியது 1,072 ரூபாய் 85 காசு. கடைசித் தேதியை 12ஆம் தேதிக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன். மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது: வட்டி சரிதான், 198 ரூபாய் பற்றிப் ‘பரிசீலனையில் உள்ளது’.

காப்பீட்டு பிரீமியத்தை அந்தக் கணக்கிலிருந்து எடுத்து, என் மனைவியின் கணக்குக்கு மாற்றிவிட்டேன். அவர் இப்போது கேட்கிறார், அந்தக் கணக்கில் பணம் போடுவது யார் என்று.

---

குடியாத்தம்_தறி (அக்டோபர் 17, இரவு 9.05)

வரம்பை மாற்றப் போனேன். பழைய ஆணையைத் திருத்த முடியாது, ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்கிறார்கள். புதியது பதிவாகச் சில நாள் ஆகுமாம். என் கடைசித் தேதி 21. இந்த மாதம் எது ஓடும், பழையதா புதியதா? யாருக்காவது தெரியுமா?

---

கணக்குப்பிள்ளை_சத்துவாச்சாரி (அக்டோபர் 17, இரவு 9.20)

இரண்டும் ஓடாது என்று வைத்துக்கொண்டு 19ஆம் தேதியே கையால் கட்டிவிடுங்கள். ரத்து செய்த ஆணைக்கும் ஒருவேளை தொகை ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தால் இரண்டு முறை போகலாம். போனால் கார்டில் வரவாக நிற்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.